இரண்டு மீட்டர் காற்றும் 620 ஆம்பியரும்

அன்புள்ள முத்து,

எட்டு மாதங்களாகக் கடிதம் எழுதாததற்கு நான் சொல்லக்கூடிய காரணங்கள் அனைத்தையும் நீ ஏற்கெனவே கேட்டுச் சிரித்திருக்கிறாய் என்பதால், இம்முறை காரணம் சொல்லாமல் மன்னிப்பை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இங்கு அனைவரும் நலம். சுந்தரம் இன்னும் அதே குடையுடன்தான் வேலைக்கு வருகிறான்.

இப்போது எழுத வைத்தது ஒரு மின்கம்பி. சிரிக்காதே. சென்ற வேனிலில் எங்கள் லைன் ஒன்றுக்கு டைனமிக் லைன் ரேட்டிங் முறையைக் கொண்டுவந்தோம். ஒரு கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் பாதுகாப்பாகப் போகலாம் என்பதை ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணாக எழுதிவைக்காமல், அப்போதைக்கு அடிக்கும் காற்று, வெயில், சுற்றுப்புற வெப்பம் ஆகியவற்றைப் பார்த்து நேரத்துக்கு நேரம் மாற்றும் முறை அது. ‘இருக்கிற கம்பியிலேயே கூடுதல் மின்சாரம்’ என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்த வாயைத்தான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கணக்கின் அடிப்படை உனக்குப் புதிதல்ல. கம்பிக்குள் மின்னோட்டம் உண்டாக்கும் வெப்பமும் வெயில் தரும் வெப்பமும் ஒரு பக்கம். காற்று எடுத்துச் செல்வதும் கம்பி தானாகக் கதிர்வீசி இழப்பதும் மறுபக்கம். இரண்டும் சமமாகும் வெப்பநிலையில் கம்பி நிலைகொள்கிறது. ஐ.இ.இ.இ 738 தரநிலையின் சாரம் இவ்வளவுதான். எங்களுடையது எஃகு உட்கருவின் மேல் அலுமினியம் சுற்றிய, ‘டிரேக்’ என்ற ஏ.சி.எஸ்.ஆர் கம்பி, விட்டம் 28.1 மில்லிமீட்டர். அமெரிக்கக் கம்பிகளுக்குப் பறவைகளின் பெயர் வைக்கும் வழக்கப்படி இதற்கு ஆண் வாத்தின் பெயர் வாய்த்திருக்கிறது. விடுதியில் உனக்கு வாய்த்த பெயரை நான் இங்கு நினைவூட்டப் போவதில்லை.

கம்பியின் வெப்பநிலைக்கு எங்கள் வரம்பு 75 டிகிரி. சுற்றுப்புறம் 40 டிகிரி, உச்சி வெயில், கம்பிக்குக் குறுக்காக நொடிக்கு 0.6 மீட்டர் என்ற மெல்லிய காற்று என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 725 ஆம்பியர் வருகிறது. பழைய நிலையான ரேட்டிங் இதுதான். மற்றவை அப்படியே இருக்க, வெயில் மட்டும் சாய்ந்துவிட்டால் 885 ஆகிறது. வெயில் இருந்தும் சுற்றுப்புறம் 30 டிகிரிக்கு இறங்கினால் 855. இவை இரண்டும் நல்ல லாபம்தான். மேலும், வெயிலும் வெப்பநிலையும் லைன் முழுவதும் ஓரளவு ஒரே மாதிரி இருப்பதால், அவற்றை நம்பித் தவறுவது அரிது. ஆனால் ஆசை காட்டுவது காற்று. அதே 40 டிகிரியில், அதே வெயிலில், குறுக்குக் காற்று 2 மீட்டருக்கு ஏறினாலே போதும், எண் 1015 ஆகிவிடுகிறது. முகத்தில் பட்டால் ‘காற்று வருகிறது’ என்று சொல்லும் அளவுக்கு மேல் போகாத காற்று அது. அதற்கு நாற்பது சதவீதம் கூடுதல் திறன்! நான் மயங்கியதில் வியப்பில்லை.

துணைமின் நிலையத்தின் கூரையில் ஒரு காற்றுமானி வைத்தோம். எனக்குத் தெரியாமல் அல்ல. இடத்தைக் காட்டியவனே நான். ஒரு பிற்பகலில் அது மேற்கிலிருந்து 2 மீட்டர் என்று நிலையாகக் காட்டியது. ரேட்டிங் 1015 என்று திரையில் வந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் எச்சரிக்கையானவர்கள், ஆகவே 900க்கு மேல் ஏற்றவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, லைனைப் பார்த்துவரச் சென்ற பையன் ஒருவன், மூலைக் கோபுரத்துக்கும் அடுத்த கோபுரத்துக்கும் இடைப்பட்ட ஸ்பானில் கம்பி வழக்கத்தைவிடக் கீழே நிற்பதாக அழைத்துச் சொன்னான். லேசர் மானியை வைத்துத் தரையிலிருந்து உயரத்தை அளக்கச் சொன்னேன். இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய அரை மீட்டர் குறைவு.

காரணம் வெட்கக்கேடானது, முத்து. நிலையத்திலிருந்து புறப்படும் லைன் வடக்கு நோக்கிச் செல்கிறது; மேற்குக் காற்று அதைக் குறுக்காக வெட்டுகிறது. மூலைக் கோபுரத்தில் அது கிழக்கே திரும்புகிறது. அங்கே அதே காற்று கம்பியோடு ஒட்டி, அதன் நீளவாக்கிலேயே ஓடுகிறது. நீளவாக்கில் ஓடும் காற்று, குறுக்குக் காற்று தரும் குளிர்ச்சியில் 39 சதவீதத்தைத்தான் தருகிறது. அந்தத் திருத்தத்தைப் போட்டுக் கணக்கிட்டால், 2 மீட்டர் காற்று இருந்தும் 620 ஆம்பியர்தான் அனுமதி. பழைய நிலையான எண்ணைவிடவும் குறைவு! நாங்களோ 900 ஏற்றியிருந்தோம். அந்த நிலையே நீடித்தால் கம்பி 100 டிகிரியை நெருங்கும் என்று இரவு உட்கார்ந்து போட்ட கணக்கு சொன்னது. இத்தகைய கம்பி பத்துப் பதினைந்து நிமிடங்களிலேயே ஏற்றத்தின் பெரும்பகுதியை முடித்துவிடும் என்பதால், ஒரு மணி நேரத்தில் அது அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

300 மீட்டர் ஸ்பானில் 25 டிகிரி கூடினால் கம்பி நீள்வது பத்துச் சென்டிமீட்டர் அளவுக்குத்தான். ஆனால் இரு முனைகளும் கட்டப்பட்டிருப்பதால், அந்தச் சிறு நீட்சி நடுவில் பல மடங்கு தொய்வாக வெளிப்படுகிறது. பையன் கண்ணில் பட்டது அதுதான். அலுமினியம் இளகி வலுவிழப்பதற்கு அத்தகைய வெப்பத்தில் நீண்ட நேரம் நிற்க வேண்டும். ஆனால் கீழே உயரமான வண்டி ஒன்று போவதற்கு ஒரு நிமிடம் போதும்.

அன்றிலிருந்து என்னை உறுத்துவது வேறொன்று. காற்றே இல்லாத நண்பகலில், 40 டிகிரியில், இந்தக் கம்பிக்கு உரியது 475 ஆம்பியர்தான். நாம் இத்தனை ஆண்டுகள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய 725ஐ அப்போது ஏற்றினால், கம்பி 94 டிகிரிக்குப் போகும். நிலையான ரேட்டிங் பத்திரமானது என்று நாம் சொல்லி வந்தது, முழுச் சுமையும் காற்றில்லா நண்பகலும் அபூர்வமாகத்தான் ஒன்றாக வரும் என்ற நம்பிக்கையை வைத்தே. மரங்களுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கும் ஸ்பானைப் பொறுத்தவரை அந்த அபூர்வம் அவ்வளவு அபூர்வமாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது ஒவ்வொரு ஸ்பானின் திசையையும் தனித்தனியாகக் கொடுத்து, அவற்றுள் மிகக் குறைந்த எண்ணையே லைனின் ரேட்டிங்காக எடுக்கிறோம். மூலைக்கு அப்பாலும் பள்ளத்திலும் காற்றுமானிகள் வைத்தாயிற்று. பள்ளத்துக் கோபுரத்தில், இன்சுலேட்டரோடு சேர்த்து, கம்பியின் இழுவிசையை அளக்கும் கருவியையும் மாட்டினோம். அந்தக் கோபுரத்துக்கு இரு பக்கமும் உள்ள ஸ்பான்களின் சராசரி வெப்பநிலையை இழுவிசையிலிருந்து பெறலாம். அதிலும் ஒரு குழி இருக்கிறது: லைனில் சுமை குறைவாக இருக்கும்போது கம்பியின் வெப்பநிலை, வெயில் ஏற்றும் சில டிகிரிகளைத் தவிர, சுற்றுப்புறத்தை ஒட்டியே நிற்பதால், காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை அதிலிருந்து பிரித்தெடுக்க முடிவதில்லை. இரவில் அது காட்டிய அழகான பெரிய எண்களை நான் இரண்டு வாரம் ரசித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவை வெறும் பிழை என்று புரிந்தது. சுமை ஓரளவுக்குக் கீழே போனால் அந்தக் கருவியின் கணிப்பை ஒதுக்கிவிட்டு, காற்றுமானிக் கணக்கில் மிகக் குறைந்ததற்குத் திரும்பிவிடுகிறோம்.

விளைவாக, 1015 என்று குதித்த இடத்தில் பல பிற்பகல்களில் 700, 800 என்று நிற்கிறது. சில நாட்களில் 600. மேலதிகாரிகளுக்கு ஏமாற்றம். ‘கூடும் என்றுதானே சொன்னாய்?’ என்கிறார்கள். இரவிலும் குளிர்ந்த நாட்களிலும் கூடத்தான் செய்கிறது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ பார்த்துக்கொள்ளும் லைனுக்கும் இந்த முறை வரப்போகிறது என்று சுந்தரம் சொன்னான். அதன் கோபுர வரிசைப் படத்தை எனக்கு அனுப்பு. எந்த ஸ்பான் எந்தத் திசையில் நிற்கிறது என்று தெரிந்தால், உன் வட்டாரக் காற்றுக்கு எது முதலில் சூடேறும் என்று உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். அதுவரை காற்றுமானியைக் கூரையில் வைக்க யாரையும் விடாதே.

உன்,
சிவா