காலியான கூடை: இணையச் சேலைக்கடை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். "கூடையில் போட்டுவிட்டுப் பாதியில் போய்விடுகிறார்கள், தோட்டப்புறத்து ஆர்டர்களில்தான் இது அதிகம்" என்று போன வாரம் அறிவிப்பு போட்டிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

நான் சுங்கை சிப்புட்டில் ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். டாப்-அப், போட்டோஸ்டாட், பில் கட்டுவது என்று தோட்டத்து மக்கள் வருவார்கள். அதற்கு முன் ஆறு வருடம் ஈப்போவில் ஒரு துணிக்கடையின் இணைய ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டேன். அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

தீபாவளிக்காக ஓர் அக்கா உங்கள் தளத்தில் இரண்டு சேலையும் ஒரு வேட்டி செட்டும் எடுத்தார். மொத்தம் 151 ரிங்கிட். முகவரிப் பக்கம் சாலைப் பெயர் கேட்டது. லயத்து வீட்டுக்கு ஏது சாலைப் பெயர்? தோட்டத்தின் பெயரையே இரண்டு முறை எழுதினோம். கணக்குத் திறந்து, மின்னஞ்சலை உறுதிசெய்த பிறகுதான் அனுப்பும் கட்டணம் 14 ரிங்கிட் என்று தெரிந்தது. அக்கா கொஞ்சம் யோசித்தார். "சரி, பிள்ளைங்களுக்குத்தானே" என்று ஒத்துக்கொண்டார்.

அப்புறம் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் கட்டும் எஃப்பிஎக்ஸ். இப்போது வங்கிகள் குறுஞ்செய்தியில் ஒருமுறை எண் அனுப்புவதைக் குறைத்துவிட்டு, வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் கேட்கின்றன. அக்காவின் போன் பழையது. வங்கிச் செயலியைத் திறந்ததும் பின்னால் இருந்த உங்கள் பக்கம் மூடிக்கொண்டது. ஒப்புதல் கொடுத்துத் திரும்பி வந்தால் வெள்ளைப் பக்கம். கூடை காலி. வங்கிக் கணக்கிலோ 165 ரிங்கிட் கழிந்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. அந்தப் பணம் திரும்பி வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை அவர் வேறு எங்கும் துணி எடுக்க முடியவில்லை.

மறுநாள் காலை உங்களிடமிருந்து செய்தி வந்தது: "எதையோ மறந்துவிட்டீர்களே! இதோ 10% கழிவு." பணம் கட்டியவருக்கு வந்த செய்தி அது.

எங்கே தவறியது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. எஃப்பிஎக்ஸ் முடிவை இரண்டு வழியில் அனுப்பும். ஒன்று வாங்குபவரின் உலாவி வழியாக வரும், மற்றொன்று நேராக உங்கள் சர்வருக்கு வரும். உலாவி வழியை மட்டும் நம்பியிருந்தால், போனில் பக்கம் மூடியதும் உங்களுக்கு விவரமே வராது. உங்கள் கணக்கில் அது "பாதியில் போனவர்" ஆகிவிடும். சோதிப்பது எளிது. பணம் கட்டும் படியில் நின்றுபோன ஆர்டர்களை எடுத்து, ஒவ்வொன்றின் நிலையையும் எஃப்பிஎக்ஸிடம் கேட்டுப் பாருங்கள். பணம் வந்தவை எத்தனை, வங்கி மறுத்தவை எத்தனை, வாங்குபவரே ரத்து செய்தவை எத்தனை என்று பிரியும்.

பத்துக் கூடைகளில் ஏறக்குறைய ஏழு வாங்கப்படாமல் நின்றுபோவது உலகம் முழுக்க இருப்பதுதான். பல பேர் விலை பார்க்கவும், பிறகு வாங்கலாம் என்று குறித்துவைக்கவும் கூடையைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களைத் துரத்த வேண்டியதில்லை. ஆனால் முகவரி எழுதி, கட்டணத்துக்கு ஒத்துக்கொண்டு, வங்கிப் பக்கம் வரை போனவர் வாங்க வந்தவர். அவருடைய கூடையைக் காலி செய்யாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

பணம் வந்திருந்தால் ஆர்டரை உறுதிசெய்யுங்கள். வராவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரே ஒரு செய்தி போதும். "பணம் கழியவில்லை, உங்கள் கூடை அப்படியே இருக்கிறது" என்று எழுதி, அதே கூடையைத் திறக்கும் இணைப்பைக் கொடுங்கள். கூடவே பணம் கட்ட டுயிட்நவ் கியூஆர் போன்ற இன்னொரு வழியையும் காட்டுங்கள். கழிவு கொடுப்பதால் பழுது தீராது. வேண்டுமென்றே பாதியில் நிறுத்திவிட்டுக் கழிவுக்காகக் காத்திருக்கத்தான் அது மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்.

அனுப்பும் கட்டணத்தைப் பார்த்துத் திரும்பியவர்களுக்கு வேறு மருந்து வேண்டும். சேலையின் படத்துக்குக் கீழேயே அஞ்சல் குறியீட்டைக் கேட்டுக் கட்டணத்தைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் 31100 என்று தட்டினால் 14 ரிங்கிட் என்று முதலிலேயே தெரியட்டும். டவுனில் ஒரு கடையில் வந்து எடுத்துக்கொள்ளும் வசதியும் இருந்தால், நான்கு வீட்டார் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்குவார்கள்.

இன்னொன்று. உங்கள் கூடை மூன்று நாளில் தானாகக் காலியாகிறது. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்கலாம் என்பது சட்டம். மாதக் கடைசியில் சேலையைத் தேர்ந்தெடுத்து வைப்பவருக்குச் சம்பளம் வருவதற்குள் கூடை போய்விடுகிறது. இவர்களைத்தான் பாதியில் போய்விடுகிறவர்கள் என்கிறீர்களா? ரப்பர் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வேலை பார்த்து, எண்ணி எண்ணிச் செலவு செய்பவர்கள் இவர்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். தயவுசெய்து அந்த அறிவிப்பை எடுத்துவிடுங்கள். கூடையைக் குறைந்தது இரண்டு வாரம் வைத்திருங்கள். பணம் கட்டுவது தடைபட்டால் அதைக் காலி செய்யாதீர்கள். அந்த அக்காவின் இரண்டு சேலையும் வேட்டியும் இன்னும் இருப்பில் இருந்தால் எடுத்துவையுங்கள். இந்த முறை என் போனிலிருந்து கட்டிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கடைக்காரி