வெல்டர் வேலைக்கு எதற்கு 6ஜி சான்றிதழ்?

ஆசிரியருக்கு,

திருச்சி வட்டாரத் தொழிற்கூடங்களில் வெல்டர் கிடைக்கவில்லை என்ற தங்கள் செய்தியைப் படித்தேன். அதே நாளிதழின் விளம்பரங்களில் உத்திரம், தூண் செய்யும் கூடங்கள்கூட ‘6ஜி சான்றிதழ் கட்டாயம்’ என்கின்றன. 6ஜி என்பது 45 பாகை சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றிலும் பற்றவைக்கும் தேர்வு; கொதிகலன் குழாய்க்கு அது தேவை. உத்திர வேலையில் பெரும்பகுதி தகட்டு மூலைப்பற்றுதான். பல ஆண்டுகள் தகட்டில் கைதேர்ந்தவர்கள் இந்த ஒரு வரியைப் பார்த்தே விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள்.

அந்தச் சான்றிதழும் நிரந்தரமானதல்ல. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் விதித்தொகுப்பு 9ஆம் பிரிவுப்படி, ஒருவர் தாம் தேர்வு பெற்ற பற்றவைப்பு முறையில் ஆறு மாதம் பற்றவைக்காவிட்டால் தகுதி காலாவதியாகிவிடும். வெல்டரைச் சோதித்துத் தகுதி வழங்கும் பொறுப்பும் வேலைக்கு அமர்த்தும் நிறுவனத்துடையதே. 10 மி.மீ. தகட்டைச் செங்குத்தாக நிறுத்திப் பற்றவைக்கச் சொல்லி, துண்டு வெட்டி வளைத்துப் பார்த்தால் அரை நாளில் திறமை தெரிந்துவிடும். பற்றின் அடியிலுள்ள வேர்ப்பகுதி சரியாக உருகியிராவிட்டால் வளைவில் பிளந்து காட்டிக்கொடுக்கும். எனவே விளம்பரத்தில் எந்த நிலையில் பற்றவைக்க வேண்டும் என்பதையும் உலோகத் தடிமனையும் குறிப்பிட்டு, ‘கூடத்தில் செய்முறைத் தேர்வு உண்டு’ என்று மட்டும் போடலாம்.

- வாசகர், திருச்சி