சான்றிதழ்ப் பிரதியில் யார் கையொப்பமிட வேண்டும்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

உயர்தரப் பெறுபேறுகள் வெளியானதும் எங்கள் தோட்டப் பகுதிப் பிள்ளைகள் போட்டோப் பிரதிகளை எடுத்துக்கொண்டு ஜே.பி. முத்திரை தேடி அலையத் தொடங்கிவிடுகிறார்கள். எந்தப் பிரதிக்கு யாருடைய கையொப்பம் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கும். அதை யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்வதில்லை.

அண்மையில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு மாணவி என்னிடம் வந்தாள். தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு ஒரு விண்ணப்பம், வர்த்தமானியில் வந்த அரச வேலைக்கு இன்னொன்று. இரண்டுக்குமாகச் சேர்த்து நொத்தாரிசு ஒருவரிடம் பணம் கொடுத்து, எல்லாச் சான்றிதழ்ப் பிரதிகளிலும் முத்திரை பதித்து வைத்திருந்தாள். தகப்பன் தோட்டத்தில் கைக்காசுக்கு வேலை செய்பவர். அந்த முத்திரை இரண்டில் ஒன்றுக்கும் தேவைப்படவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கல்லூரி கேட்டிருந்தது 'செல்ஃப் அட்டெஸ்டட்' பிரதி, அதாவது விண்ணப்பதாரியே ஒப்பமிட்ட பிரதி. முன்பு இந்தியாவில் இதற்கு அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரின் கையொப்பம் வேண்டியிருந்தது. 2014இல் அங்குள்ள மத்திய அரசு அந்த நடைமுறையைக் குறைத்து, விண்ணப்பிப்பவரே ஒப்பமிடும் முறையைப் பரவலாக்கியது. இதற்குச் செலவே இல்லை. பிரதியின் வெற்றிடத்தில் 'உண்மைப் பிரதி' என்று எழுதி, விண்ணப்பத்தில் உள்ள அதே கையொப்பத்தை இட்டு, பெயரும் திகதியும் போட்டால் போதும். சுட்டெண், பெறுபேறு ஆகியவற்றின் மேல் எழுத்து படக்கூடாது. பின்பக்கத்திலும் விபரம் இருந்தால் அதையும் பிரதியெடுத்து ஒப்பமிட வேண்டும். பிள்ளையின் சொல்லை இப்போதைக்கு நம்பி, அனுமதி நாளில் மூலச் சான்றிதழைப் பார்த்துக்கொள்வார்கள்.

அரச வேலை விண்ணப்பத்தில் கேட்டிருந்தது முற்றிலும் வேறு. அங்கே உறுதிப்படுத்த வேண்டியது சான்றிதழை அல்ல, விண்ணப்பதாரியின் கையொப்பத்தை. அதிபர், கிராம உத்தியோகத்தர், சமாதான நீதவான், சத்தியப்பிரமாண ஆணையாளர், சட்டத்தரணி, நொத்தாரிசு என்று யார் யார் உறுதிப்படுத்தலாம் என்பதை அறிவித்தலே வரிசையாகச் சொல்லும். அவர்களில் ஒருவர் முன்னிலையில்தான் பிள்ளை ஒப்பமிட வேண்டும். நம் பகுதியில் வீட்டிலேயே ஒப்பமிட்டு, டவுனுக்குப் போகிற யாரிடமாவது தாளைக் கொடுத்தனுப்புகிறார்கள். தன் கண் முன் இடாத ஒப்பத்தை எந்த நேர்மையான அதிகாரியும் உறுதிப்படுத்த மாட்டார். சான்றிதழ்ப் பிரதிகளை இணைக்க வேண்டாம் என்று அதே அறிவித்தலில் அச்சிட்டிருந்தது. அவை நேர்முகப் பரீட்சைக்குத்தான்.

நேர்முகத்துக்கு அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்டால், அப்போது பிறர் கையொப்பம் வேண்டும். மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர்தான் அதை இட முடியும். அதிபராக இருந்த காலத்தில், மூலம் இல்லாமல் வந்த பிள்ளைகளை நானும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் மனம் வருந்தியிருப்பார்கள். ஆனால் ஒப்பிடாமல் குத்திய முத்திரையால் அந்த அலுவலகத்துக்கு ஒரு பயனும் இல்லை. பெயர், பதவி, திகதி தெளிவாக இல்லாத முத்திரையும் அப்படித்தான். யார் பார்த்தார் என்று பின்னர் கேட்டறிய வழி இருக்காது.

இந்த எதுவும் போதாத இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டு நிறுவனமோ தூதரகமோ, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு சான்றுப்படுத்திய ஆவணம் கேட்டால், ஜே.பி. முத்திரையிட்ட போட்டோப் பிரதியோடு அங்கே போய்ப் பயனில்லை. சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களம் முதலில் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் என்றால் பதிவாளர் ஒப்பமிட்டு வழங்கிய பிரதி வேண்டும். ஆவணத்தை வழங்கிய இடத்தின் ஒப்பத்தைத்தான் அமைச்சு சரிபார்க்கிறது. கொழும்புக்கு முந்தி ஓடாமல், கண்டியில் உள்ள பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் புறப்படலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழைக்கும் பனிக்கும் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று மூலச் சான்றிதழை லெமினேட் செய்கிறார்கள். அதன் மேல் பிறகு எந்த அலுவலகமும் முத்திரை பதிக்க முடியாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாலே போதும்.

விண்ணப்பம் கோரும் நிறுவனங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். 'அத்தாட்சிப்படுத்திய பிரதி' என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். யார் அத்தாட்சிப்படுத்த வேண்டும், எப்போது கொண்டுவர வேண்டும் என்பதைத் தமிழிலும் ஒரு வரி சேருங்கள். தங்கள் பத்திரிகை வேலைவாய்ப்பு அறிவித்தல்களைச் சுருக்கி வெளியிடும்போது அந்த ஒரு வரியை மட்டும் வெட்டாமல் போட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர்,
கொட்டகலை.