எழுந்து வெளியே போனால் மட்டும் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் காட்டப்படும் சலுகையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் இரண்டு முடிவுகளுக்கு வருகிறார். தன்னைச் சேர்ந்தவர்களை மற்றவர்களைவிட ஒருபடி மேலே வைத்துப் பார்ப்பதே அநீதியின் விதை என்பது ஒன்று. தேர்வுக் குழுவில் இருப்பவருக்கு வேண்டிய ஒருவர் விண்ணப்பித்திருந்தால், அந்த நேரத்தில் அவர் எழுந்து வெளியே போய்விட்டால் சிக்கல் தீர்ந்தது என்பது மற்றொன்று. முதல் முடிவு மனிதர்களிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறது. இரண்டாவது மிகவும் குறைவாக எதிர்பார்க்கிறது. ஆய்வு உதவித்தொகைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் உட்கார்ந்து பழகிய எனக்கு இரண்டாவதுதான் அதிகக் கவலை தருகிறது.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் சேமிப்பிலிருந்து தங்கையின் படிப்புக்குப் பணம் கட்டுகிறேன். அவளைவிட நன்றாகப் படிக்கும், அவளைவிட வறியவளான ஒரு பெண் எங்கோ இருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அநீதி செய்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். பணம் என்னுடையது, அதன் மீது அந்தப் பெண்ணுக்கு எந்த உரிமையும் இல்லை. அதே தங்கை, நான் உறுப்பினராக இருக்கும் குழுவிடம் உதவித்தொகை கேட்டு வந்தால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. அந்தப் பணம் என் கையில் இருக்கிறதே தவிர, என்னுடையது ஆகாது. தகுதியைத்தான் பார்ப்போம் என்று ஊரறிய அறிவித்து, அதை நம்பிப் பலரை விண்ணப்பிக்கச் செய்திருக்கிறோம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் என்மேல் ஓர் உரிமை வந்துவிட்டது. என் பாசம் முன்னைப் போலவேதான் இருக்கிறது, அதைக் குறைத்துக்கொள்ளும்படி யாரும் கேட்கவும் இல்லை. என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைக் கொண்டு அந்தப் பாசத்தைக் காட்டும்போதுதான் எல்லை தாண்டப்படுகிறது.

இதுவரை கட்டுரையாளரும் ஏற்கக்கூடும். அதனால்தானே வெளியே போகச் சொல்கிறேன் என்பார். இங்கேதான் சுவீடனில் நடந்த ஒன்றை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1995-ல் சுவீடன் மருத்துவ ஆய்வுக் கவுன்சிலிடம் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி கேட்டு 114 பேர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது 20 பேருக்கு. கிறிஸ்டின் வென்னெரோஸ், ஆக்னெஸ் வோல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மதிப்பெண்கள் எப்படிப் போடப்பட்டன என்று பார்க்க விரும்பினார்கள். கவுன்சில் தர மறுத்தது. நீதிமன்றம் அவை பொது ஆவணங்கள் என்று தீர்ப்பளித்த பிறகே தாள்கள் அவர்கள் கைக்கு வந்தன. அவர்கள் கண்டதை 1997-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்.

மதிப்பெண் முறை இப்படி இருந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஐந்து பேர் படிப்பார்கள். விண்ணப்பித்தவரின் அறிவியல் திறமை, ஆய்வு முறையின் தரம், ஆய்வின் பொருத்தம் ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொருவரும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். மூன்றையும் ஒன்றோடொன்று பெருக்குவார்கள். ஐந்து பேரின் பெருக்குத்தொகைகளுக்கும் சராசரி எடுத்தால் அதுதான் இறுதி மதிப்பெண். விண்ணப்பித்தவருக்கும் குழு உறுப்பினர் ஒருவருக்கும் தொடர்பு இருந்தால், உதாரணமாக அவரே இவருடைய ஆய்வு நெறியாளராக இருந்தால், அந்த உறுப்பினர் இவருக்கு மதிப்பெண் போடக் கூடாது. நம் கட்டுரையாளர் கேட்கும் விதி அங்கே ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது.

இருந்தும், விண்ணப்பித்தவர்கள் எத்தனை கட்டுரைகள் எழுதியிருந்தார்கள், அவை எப்படிப்பட்ட இதழ்களில் வந்தன என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, குழுவில் தொடர்புள்ளவர்களுக்குத் திறமைக்கான மதிப்பெண் சராசரியாக 0.22 கூடுதலாக விழுந்திருந்தது. போட்டவர்கள் யார்? தொடர்பே இல்லாத மற்ற உறுப்பினர்கள்!

0.22 அற்பமாகத் தோன்றலாம். மூன்று தலைப்பிலும் 3 வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 27. அவருக்குச் சமமான இன்னொருவர் திறமையில் மட்டும் 3.22 பெற்றால் 29-ஐத் தொட்டுவிடுகிறார். பலர் அடுத்தடுத்த எண்களில் நெருக்கியடித்து நிற்கும் பட்டியலில் இரண்டு மதிப்பெண் என்பது உள்ளே இருப்பதற்கும் வெளியே போவதற்கும் உள்ள தூரமாகிவிடலாம். தொடர்பில்லாத ஒருவர் தம் எழுத்தால் மட்டுமே இதை ஈடுகட்ட வேண்டுமானால், 'நேச்சர்' போன்ற முதல் வரிசை இதழ்களில் இன்னும் சுமார் மூன்று கட்டுரைகள் வெளியிட்டிருக்க வேண்டும் என்று அந்த ஆய்வின் கணக்கு காட்டியது. இளம் ஆய்வாளருக்கு அது பல வருட உழைப்பு. (அதே ஆய்வு பெண்களுக்கு நேர்ந்த பாகுபாட்டையும் ஏறக்குறைய இதே அளவில் கண்டது. உலகம் முழுக்கப் பேசப்பட்டது பெரும்பாலும் அதுதான். அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே இடம்பெற்றிருந்தும், வேண்டியவருக்குக் காட்டும் சலுகை பின்னால் தள்ளப்பட்டுவிட்டது என்பது என் வருத்தம்.)

வெளியே போனவரின் விருப்பம் அறைக்குள் எப்படித் தங்கிவிடுகிறது? எண்களை வைத்து அதைச் சொல்ல முடியாது. குழுக்களில் பார்த்ததை வைத்து என் ஊகத்தைச் சொல்கிறேன். யாரும் யாரையும் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டியதில்லை. எழுந்து போகும் செயலே, இவர் என் ஆள் என்பதை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது. பத்து நிமிடத்தில் அவர் திரும்பி வந்து பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறார். அடுத்து என் மாணவரின் விண்ணப்பம் வரும்போது பேனாவைப் பிடிப்பவர் அவர். இதையெல்லாம் யாரும் திட்டமிட்டு நினைப்பதில்லை. விண்ணப்பத்தில் தெளிவில்லாத ஓர் இடம் வரும்போது, முன்பின் தெரியாதவர் என்றால் ‘யோசிக்கவில்லை போலிருக்கிறது’ என்று படுகிறது. நண்பரின் மாணவர் என்றால் ‘எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது’ என்று படுகிறது. அந்தக் கூடுதல் மதிப்பெண் அங்கேதான் பிறக்கிறது. போட்டவரைக் கேட்டால் மனசாட்சிப்படிதான் போட்டேன் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் நல்லவர்களைக் குழுவில் போட்டால் சரியாகிவிடும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எதிர்ப்பக்கத்தின் வாதம் ஒன்றையும் மதித்துப் பார்க்க வேண்டும். தெரிந்தவரைத் தேர்ந்தெடுப்பது சலுகை ஆகாது, அது தகவல் என்பார்கள். கூடவே இருந்து பார்த்தவருக்குத்தான் ஒருவரின் உழைப்பும் நேர்மையும் தெரியும், காகிதத்தில் அவை வராது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. வள்ளுவரே 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து வைக்கிறார். ‘அற்றாரைத் தேறுதல் ஓம்புக மற்றவர் பற்றிலர் நாணார் பழி’ என்கிறார்: சுற்றம் இல்லாதவரை நம்பிப் பொறுப்பைக் கொடுக்காதே, பழிக்கு நாண அவருக்கு ஒரு பற்றும் இல்லை. உடனே அடுத்த குறளில், ‘காதன்மை கந்தா அறிவறியார்த் தேற்றல் பேதைமை எல்லாம் தரும்’ என்கிறார்: அன்பை மட்டுமே ஆதாரமாக வைத்து, அறிய வேண்டியதை அறியாதவரிடம் பொறுப்பைக் கொடுத்தால் எல்லா மடமையும் வந்து சேரும். உறவுகளின் நடுவே வாழ்பவன் பழிக்கு அஞ்சுவான் என்பது ஒரு சான்று. அன்பு ஒரு சான்று ஆகாது. (முதல் குறளை நான் அப்படியே ஏற்கவில்லை, சுற்றம் இல்லாதவர்மேல் அது சுமத்தும் ஐயம் கடுமையானது.)

ஆகவே தகவல் என்று சொல்பவரிடம் நான் கேட்பது ஒன்றே. அந்தத் தகவலை எழுதிக் கோப்பில் வையுங்கள். ‘இவர் தோற்ற சோதனையை மறைக்காமல் பதிவு செய்தார், நான் பார்த்தேன்’ என்று எழுத முடிந்தால் அது தகவல். அறிமுகமில்லாத ஒருவரைப் பற்றி வேறொருவர் அதையே எழுதினாலும் அதே மதிப்பெண் கிடைக்குமா என்று குழு பார்க்கலாம். ‘எனக்குத் தெரியும், நல்ல பையன்’ என்பதற்கு மேல் எழுத ஒன்றும் வரவில்லையென்றால் அது பாசம். பாசம் வீட்டிலேயே இருக்கட்டும்.

வெளியே போனவரின் சலுகை இப்படி அறைக்குள் கசிவது தானாக நிற்காது. சாண்ட்ஸ்ட்ரோம், ஹால்ஸ்டன் என்ற இருவர் அதே நாட்டின் மருத்துவ ஆய்வு நிதியில் பின்னர் வந்த விண்ணப்பங்களை ஆராய்ந்து 2008-ல் எழுதினார்கள். பெண்களுக்கு எதிரான சாய்வு மறைந்து, சற்று அவர்கள் பக்கமே திரும்பியிருந்தது. தொடர்புள்ளவர்களுக்கான சலுகை மட்டும் சுமார் 15 விழுக்காடாக அப்படியே இருந்தது. முதல் ஆய்வு எழுப்பிய கூச்சலில் எல்லோரும் ஒன்றைக் கவனித்தார்கள், அது மாறியது. கவனிக்காதது மாறவில்லை.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். தொடர்பு இருக்கிறது என்பதற்காகவே ஒருவரைக் கழித்துக்கட்டுவதும் அநீதிதான். குழு உறுப்பினரின் மாணவராக இருப்பது அந்த இளைஞரின் குற்றம் இல்லை. தங்கள் கை சுத்தம் என்று காட்ட அவரைப் பலி கொடுக்கும் குழுக்களும் உண்டு.

எனவே நான் கேட்பது விலக்கு அல்ல, இடமாற்றம். ஒரு குழுவில் ஒருவருக்கு வேண்டியவர் விண்ணப்பித்தால் உறுப்பினரை வெளியே அனுப்பாதீர்கள், விண்ணப்பத்தை அனுப்புங்கள். அந்த உறுப்பினரோடு சேர்ந்து உட்காராத வேறொரு குழு அதைப் படிக்கட்டும். சுவீடன் கவுன்சிலில் அன்று பதினொரு குழுக்கள் இருந்தன. பொருளால் நெருங்கிய இன்னொன்றுக்கு மாற்றுவது முடியாத காரியமாக இருந்திருக்காது. துறை மிகச் சிறியது, மாற்றுக் குழு இல்லை என்றால் வெளியிலிருந்து ஆள் வரட்டும். பெயரை மறைத்துவிடலாமே என்பார்கள். மேற்கோள் பட்டியலைப் பார்த்ததும் யாருடைய ஆய்வகம் என்று கண்டுபிடிக்க முடிகிற சிறிய துறைகளில் அது அதிகம் உதவாது. விவாதம் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரும் மதிப்பெண்ணை எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பிறகு யார் எதை மாற்றினார் என்பது பதிவாக வேண்டும். அந்தப் பதிவு, தோற்றவர் கேட்டால் கிடைக்க வேண்டும். சுவீடனில் அது வெளியே வர ஒரு வழக்கு தேவைப்பட்டது.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக அறிவித்திருக்கிறார். அறைக்குள் மிச்சம் இருப்பவர்களைப் பற்றியும் அவர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்