விலைப்பட்டியலில் இல்லாத ஒரு வரி: மூவர் அணி தொடங்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன்னோடு படித்த இருவரும் சேர்ந்து கல்லடியில் தொடங்கவிருக்கும் பழுதுபார்ப்புச் சேவையின் விலைப்பட்டியலை அனுப்பி, கருத்துச் சொல்லும்படி கேட்டிருந்தாய். இரண்டு முறை வாசித்தேன். ட்ரிப் சுவிட்ச் மாற்ற ஒரு தொகை, தண்ணீர் மோட்டருக்குச் சீல் போட ஒரு தொகை, குளிர்சாதனப் பெட்டிக்குக் காஸ் அடிக்க ஒரு தொகை என்று வேலைகள் அனைத்துக்கும் விலை போட்டிருக்கிறாய். ஆனால் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. வயரிங் படித்தவன், பைப் வேலை படித்தவன், வீட்டு மின்சாதனங்கள் படித்தவன் என்று மூவரும் என்.வீ.கியூ. 4ஆம் மட்டத் தொழிற்தகைமைச் சான்றிதழோடு ஓர் அணியாக நிற்பதில் இருக்கும் முழு இலாபமும், என் அனுபவத்தில், விடுபட்டுப்போன அந்த வரியில்தான் இருக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை, சில வருடங்களுக்கு முன் நானும் வேறு இருவரோடு ஓர் அணியாக நின்று பார்த்த ஒரு வேலையை வைத்தே விளக்குகிறேன்.

கடற்கரைக்குப் பக்கத்து வீடு. மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச், மாரி தொடங்கியதிலிருந்து விழுகிறது என்பது முறைப்பாடு. ஒரு நாள் காலையில் விழும், மறுநாள் நள்ளிரவில் விழும், பிறகு மூன்று நாள் ஒன்றும் நடக்காது. எனக்கு முன் வந்தவர் ட்ரிப் சுவிட்சை இரண்டு தடவை மாற்றியிருந்தார். மூன்றாவது தடவை, 30 மில்லியம்பியருக்குப் பதிலாக 100 மில்லியம்பியர் சுவிட்ச் போட்டால் விழவே விழாது என்று யோசனையும் சொல்லியிருந்தார். அது விழாது என்பது உண்மைதான். ஆனால் 30 மில்லியம்பியர் என்பது ஆளைக் காப்பாற்றுவதற்காக வைத்த அளவு. 100 மில்லியம்பியர் சுவிட்ச் தீப்பிடிப்பதைத் தடுக்க உதவுமே தவிர, ஈரக் கையோடு மோட்டரைத் தொடுபவரைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் இந்த ஒன்றை மட்டும் நீ செய்யாதே.

30 என்று அச்சிட்ட ட்ரிப் சுவிட்ச் சரியாக 30இல்தான் விழும் என்று நினைத்துவிடாதே. அதற்குப் பாதியான 15ஐத் தாண்டினாலே அது விழலாம், 30இல் கட்டாயம் விழ வேண்டும். ஆகவே வீட்டில் ஏதோ ஒரு பொருள் பெரிதாகக் கசிகிறது என்று தேடிப் போனால் சில வேளை எதுவும் அகப்படாது. மூன்று நான்கு பொருட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, ஒன்றாகச் சேரும் நேரத்தில் மட்டும் எல்லையைத் தாண்டும். அந்த வீட்டில் நடந்தது அதுதான்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். முதலில் வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் சொக்கட்டிலிருந்து கழற்றினோம். சொக்கட்டின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஏனென்றால் அது லைவை மட்டும் துண்டிக்கிறது. நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அணைத்து வைத்த பொருளே ட்ரிப்பை விழுத்தும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகு ட்ரிப் சுவிட்ச் விழாமல் நின்றது. ஆகவே சுவருக்குள் இருக்கும் வயரிங்கை முதலில் சந்தேகிக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக மாட்டி, மெயினில் லைவையும் நியூட்ரலையும் சேர்த்து, கசிவு அளக்கும் கிளாம்ப் மீட்டருக்குள் விட்டுப் பார்த்தோம். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருந்தால் மீட்டர் பூச்சியம் காட்டும், மிச்சமாகக் காட்டுவது எர்த்துக்குப் போவது. சாதாரண கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது, மில்லியம்பியர் காட்டக்கூடியதே வேண்டும்.

சலவை இயந்திரமும் மற்றச் சிறு பொருட்களும் சேர்ந்து 2 மில்லியம்பியர் அளவில் காட்டின. அவற்றுக்குள் மின் இரைச்சலைத் தடுக்க வைத்திருக்கும் பில்டர் காரணமாக அந்த அளவு கசிவு இயல்பாகவே இருக்கும், அது பழுது அல்ல. தண்ணீர் மோட்டரைப் போட்டதும் மீட்டர் 13ஐத் தாண்டியது. மோட்டரைக் கழற்றி, காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகரால் வைண்டிங்குக்கும் உடம்புக்கும் இடையில் பார்த்தபோது ஏறக்குறைய 20 கிலோஓம் காட்டியது. குறைந்தது 1 மெகாஓமாவது இருக்க வேண்டிய இடம் அது. 230 வோல்ட்டை 20,000ஆல் வகுத்துப் பார், 11.5 மில்லியம்பியர் வரும், மீட்டர் சொன்னதும் அதுதான். ஆனாலும் 13க்குச் சுவிட்ச் விழவில்லை. மிச்சம் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. உறைபனியைத் தானாகக் கரைக்கும் வகைப் பெட்டி அது. அதன் ஹீட்டர் ஈரம் குடித்து 4, 5 மில்லியம்பியர் கசிந்தது. ஆனால் அந்த ஹீட்டர் பல மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, கொஞ்ச நேரம் மட்டுமே வேலை செய்யும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் யாராவது மோட்டரைப் போட்டால் கணக்கு 18 ஆகிவிடும், ட்ரிப் விழும். நேரம் காலம் இல்லாமல் விழுகிறது என்று வீட்டுக்காரர் சொன்னதன் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் வயரிங்காரன் மட்டும் தனியாக வந்திருந்தால் மோட்டர் போய்விட்டது, வைண்டிங் கட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். எங்களோடு வந்திருந்த பைப் வேலைக்காரர் மோட்டரை உற்றுப் பார்த்துவிட்டு, பம்புக்கும் மோட்டருக்கும் நடுவில், அடிப்பக்கத்தில் இருக்கும் சிறு துவாரத்தில் விரலை வைத்துக் காட்டினார். தண்டைச் சுற்றித் தண்ணீரை மறிக்கும் சீல் கசிந்தால் தண்ணீர் வெளியே போவதற்காகச் செய்த துவாரம் அது. மணலும் உப்பும் சேர்ந்து இறுகி அது அடைபட்டிருந்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் தண்டு வழியாகப் பெயரிங்குக்குள் போய், அங்கிருந்து வைண்டிங் வரைக்கும் போயிருக்கிறது. சீல் ஏன் கசிந்தது? அதைச் சொன்னவர் அந்த வீட்டு அம்மா. எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தவர், "மோட்டருக்குத் தண்ணி குடுத்திட்டீங்களா?" என்று கேட்டார். தினமும் காலையில் ஒரு செம்புத் தண்ணீரைப் பம்பின் வாய்க்குள் ஊற்றிவிட்டுத்தான் அவர் மோட்டரைப் போடுவாராம். ஒரு வருடத்துக்கு மேலாக இதே பழக்கம். கேட்டதுமே பைப் வேலைக்காரர் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

கிணற்றுக்குள் பைப்பின் அடியில் இருக்கும் புட் வால்வு மூடாமல் கசிந்திருக்கிறது. இரவில் பைப்பிலிருந்த தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே இறங்கிவிடும். அவர் ஊற்றும் ஒரு செம்பு போதாத நாட்களில் பம்பு தண்ணீரில்லாமலே ஓடியிருக்கிறது. தண்ணீரில்லாமல் ஓடினால் சீல் சூடேறித் தேயும். ஆக, புட் வால்வால் சீலும், சீலால் வைண்டிங்கும், வைண்டிங்கால் ட்ரிப் சுவிட்சும் பாதிக்கப்பட்டன. சீலை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதங்களில் அதுவும் எரிந்திருக்கும். புட் வால்வு கசிகிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. மோட்டரை நிறுத்தி ஒரு மணித்தியாலம் கழித்து, தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்து பார். மட்டம் இறங்கியிருந்தால் மேலே உள்ள மூட்டுகளில் காற்றுப் போகிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் கீழே இறங்கு.

புட் வால்வும் சீலும் புதிதாகப் போட்டோம், துவாரத்தைக் கம்பியால் குத்தித் திறந்தோம், மோட்டரைக் கழற்றி இரண்டு நாள் காய வைத்தோம். மெகர் மறுபடி 5 மெகாஓமுக்கு மேல் காட்டிய பிறகே திரும்பப் பூட்டினோம். வைண்டிங் கட்டத் தேவைப்படவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் ஹீட்டரை மாற்றினோம். ட்ரிப் சுவிட்ச் அதே 30தான்.

இப்போது பணத்துக்கு வருவோம். மூன்று பேர் அரை நாள் செலவழித்துக் கண்டுபிடித்தோம், ஆனால் பில்லில் எழுதக்கூடியதாக இருந்தவை ஒரு வால்வு, ஒரு சீல், ஒரு ஹீட்டர் மட்டுமே. அதில் கூலியின் பெரும்பகுதி பைப் வேலைக்காரருக்குப் போனது. கசிவை அளந்து காரணத்தை ஒதுக்கிக் கொண்டுவந்த எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அப்போது சிரித்துக்கொண்டேன், அடுத்தடுத்த வேலைகளிலும் அப்படியே நடந்தபோது சிரிக்க முடியவில்லை. வாய்ப்பேச்சில் தொடங்கிய எங்கள் அணி இரண்டு வருடத்தில் கலைந்தது. அதில் பிழை யாருடையது என்று இப்போது கேட்டால், கணக்கை எழுதி வைக்காத மூவருடையதும் என்றே சொல்வேன்.

ஆகவே உன் பட்டியலின் முதல் வரியாக "பார்வையிட்டுப் பழுது கண்டறியும் கட்டணம்" என்று எழுது. உதாரணத்துக்கு 2,000 ரூபா என்று வைத்துக்கொள். வேலையைத் தந்தாலும் தராவிட்டாலும் அது வாங்கப்படும் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடு. வேலை தந்தால் கழித்துவிடுகிறோம் என்று சலுகை கொடுக்காதே, கழித்தால் அளந்தவனின் உழைப்பு திரும்பவும் பில்லிலிருந்து காணாமல் போகும். அந்தத் தொகை அந்த வீட்டுக்குப் போனவர்களுக்குச் சமமாகப் பிரியட்டும், கூலி அந்த வேலையைச் செய்தவனுக்குப் போகட்டும். ஒவ்வொரு கூலியிலும் பத்தில் ஒரு பங்கைப் பொதுவில் ஒதுக்கி வையுங்கள். ஒரு தடவை பார்த்த வேலைக்குத் திரும்பக் கூப்பிடும்போது பெற்றோலுக்கும் அரை நாளுக்கும் அந்தப் பணம்தான் வேண்டும். இல்லையென்றால் அன்று யார் போவது என்பதே சண்டையாகும்.

திரும்பக் கூப்பிட்டது அதே பழுதுக்கா, வேறொன்றுக்கா என்று தீர்மானிக்க, வேலைத்தாளில் அளவுகளை எழுதி, பிரதி ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டு வா. மோட்டர் முன்பு 20 கிலோஓம், பின்பு 5 மெகாஓம், மொத்தக் கசிவு முன்பு 18, பின்பு 3 என்று இருந்தால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. அடுத்த மாரியில் கூப்பிட்டால் அதே இடத்தில் மீட்டரை வைத்து வாடிக்கையாளருக்கே காட்டலாம்.

மூவருக்குமான ஒப்பந்தத்தையும் எழுத்தில் வையுங்கள். பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிவது வேறு, பங்காளிகளுக்கிடையிலான உடன்படிக்கை வேறு. முதலீடு 1,000 ரூபாவைத் தாண்டினால் பங்குடைமை உடன்படிக்கை எழுத்தில் கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்பது இலங்கைச் சட்டம். அந்தப் பழைய தொகை இன்று ஒரு நல்ல டெஸ்டருக்கே காணாது. அதாவது உங்களைப் போன்ற எல்லோருமே அந்த எல்லையைத் தாண்டியவர்கள். உபகரணங்கள் யாருடைய பெயரில், ஒருவர் விலகினால் என்ன விலைக்கு என்ற இரண்டையும் மறக்காமல் எழுதுங்கள்.

கடைசியாக, ஓட்டோவுக்கு முற்பணம் கட்டப்போவதாக எழுதியிருந்தாய். கசிவு கிளாம்ப் மீட்டரும் மெகரும் வாங்கிய பிறகு மிச்சமிருந்தால் பார்க்கலாம், அதுவரைக்கும் மோட்டார் சைக்கிள் போதும். என்னிடம் பழைய மெகர் ஒன்று இருக்கிறது. அதன் சிவப்பு வயர் நுனியில் உடைந்திருக்கிறது, அதை மாற்றினால் நன்றாக வேலை செய்யும். சனிக்கிழமை பின்நேரம் வந்து எடுத்துக்கொண்டு போ. வரும்போது திருத்திய விலைப்பட்டியலையும் கொண்டுவா.

அன்புடன்,
உன் பழைய மாஸ்டர்