மீட்டிங் எண் செல்லாது என்று மட்டும் சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்புவது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். மூன்று வருடமாகப் பணம் கட்டி உங்கள் வீடியோ மீட்டிங் சேவையைப் பயன்படுத்துகிறேன். சனிக்கிழமைதோறும் மாலையில் 14 பேருக்குக் கணக்குப்பதிவியல் வகுப்பு எடுக்கிறேன். போன சனிக்கிழமை அந்த வகுப்பு நடக்கவே இல்லை. 6:30-க்கு மீட்டிங்கைத் திறந்துவைத்துக்கொண்டு நான் ஒருத்தியாக உட்கார்ந்திருக்கிறேன், அதே நேரத்தில் 13 பேர் தங்கள் திரையில் Invalid meeting number என்ற ஒற்றை வரியைப் பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முயற்சி செய்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது, நான் உள்ளே இருக்கிறேன் என்று அவர்களுக்கும் தெரியாது. 40 நிமிடம் இப்படியே போனது.

மறுநாள் உங்களிடம் புகார் செய்தேன். இணைய இணைப்பைச் சரிபாருங்கள், செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்று பதில் அனுப்பிப் புகாரை மூடிவிட்டீர்கள். இந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இணையம் இல்லையென்றால் இணைக்க முடியவில்லை என்ற செய்திதான் வரும். எண் செல்லாது என்று ஒரு பதில் வருகிறது என்றால், கேள்வி உங்கள் சர்வர் வரைக்கும் போய், அங்கே பட்டியலில் தேடிப் பார்த்து, இல்லை என்ற பதிலோடு திரும்பி வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? பிழைச் செய்தியைப் படித்திருந்தாலே அது இணையக் கோளாறு இல்லை என்று தெரிந்திருக்கும்.

அப்புறம் நானே ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு விசாரித்தேன். கிடைத்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இதை நீங்கள் செய்திருக்க வேண்டும்.

வகுப்பு முதலில் 6 மணிக்கு இருந்தது. புதன்கிழமை அதை 6:30-க்குத் தள்ளிவைக்க நினைத்தேன். போனில் மொத்தத் தொடரையும் திருத்துவது குழப்பமாக இருந்ததால், பழைய தொடரை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டேன். அழித்த அந்த நொடியே பழைய எண் செத்துவிட்டது. நேரத்தை மட்டும் திருத்தியிருந்தால் அதே எண் அப்படியே இருந்திருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. புதிய லிங்கை எங்கள் குழுவில் போட்டேன், ஆனால் 12 பேர் வழக்கம்போலத் தங்கள் நாள்காட்டியில் சேமித்து வைத்திருந்த பழைய லிங்கைத்தான் தட்டினார்கள். அழித்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அழிக்கும்போது உங்கள் செயலி கேட்டது, நிச்சயமாக அழிக்கவா என்று மட்டும்தான். இந்த எண் இனி வேலை செய்யாது, ஏற்கனவே லிங்க் வைத்திருப்பவர்கள் உள்ளே வர முடியாது, நேரம்தான் மாறுகிறது என்றால் திருத்தினால் போதும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நான் அழித்திருக்கவே மாட்டேன்.

பதின்மூன்றாவது ஆளுக்கும் அதே பிழைதான் வந்தது, ஆனால் காரணம் வேறு. அவர் குழுவில் வந்த புதிய லிங்கைத்தான் எடுத்தார். லிங்க் போனில் இருக்கிறது, வகுப்பு மடிக்கணினியில், அதனால் எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்டெழுதியிருக்கிறார். 11 இலக்கத்தில் ஒன்றை விட்டுவிட்டார். அவருக்குத் தேவையானது எண்ணை மறுபடி பார்ப்பது. மற்ற 12 பேருக்கு எண்ணை நூறு முறை பார்த்தாலும் பயனில்லை, அவர்கள் செய்ய வேண்டியது எனக்குப் போன் போடுவது. இரண்டு தரப்புக்கும் ஒரே வரியைக் காட்டினால் யார் என்ன செய்வது என்று எப்படித் தெரியும்?

பதினான்காவது மாணவி வேறு நாட்டில் இருக்கிறார். அங்கே அந்த வாரம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றிவைத்திருந்தார்கள். நான் குழுவில் 6:30 என்று வெறும் எழுத்தாகப் போட்டதை அவர் பழைய கணக்கிலேயே மாற்றிப் பார்த்து, ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, வகுப்பு இல்லை போலிருக்கிறது என்று போய்விட்டார். ஆனால் கவனியுங்கள், அவருக்கு வந்த செய்தி வேறு: மீட்டிங்கை நடத்துபவர் இன்னும் தொடங்கவில்லை, காத்திருங்கள். அதாவது எண் சரி, லிங்க் சரி, நேரமோ நடத்துபவரோதான் பாக்கி. இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் அவர் நேரத்தை ஒரு முறை கேட்டிருப்பார். நான் விசாரித்துப் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: காத்திருங்கள் என்று வந்தால் நேரத்தையும், நடத்துபவர் எந்தக் கணக்கில் நுழைந்து எந்த மீட்டிங்கைத் திறந்திருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும், எண் செல்லாது என்று வந்தால் நேரத்தைப் பார்த்துப் புண்ணியமில்லை, முதலில் இலக்கங்களை ஒப்பிட வேண்டும், அவை சரியாக இருந்தால் அந்த எண் நடத்துபவரின் மீட்டிங் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்று அவரிடமே கேட்க வேண்டும். என் பட்டியலைத் திறந்து பழைய எண்ணைத் தேடிய அரை நிமிடத்தில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. உங்கள் பதிலில் இதில் ஒரு சொல்கூட இல்லை.

காரணத்தைச் சொன்னால் யாரோ எண்களை ஊகித்துத் தட்டிப் பார்த்து, எது உண்மையான மீட்டிங் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் பொதுவாகச் சொல்கிறோம் என்று நீங்கள் பதில் எழுதலாம். சரி, வெறும் எண்ணைக் கையால் தட்டுபவருக்கு அப்படியே சொல்லுங்கள், நியாயம்தான். ஆனால் என் மாணவர்கள் தட்டியது முழு லிங்க். அதில் கேள்விக்குறிக்குப் பிறகு கடவுச்சொல்லுக்கான நீண்ட எழுத்துக்கோவையும் இருக்கிறது. அதை யாரும் ஊகித்துவிட முடியாது, அது கையில் இருந்தாலே அழைப்பு கிடைத்த ஆள் என்று தெரிகிறதே. அந்த ஆளிடம், இந்த மீட்டிங் நீக்கப்பட்டுவிட்டது, நடத்துபவரிடம் புது லிங்க் கேளுங்கள் என்று சொல்வதில் என்ன ஆபத்து? அழித்த மீட்டிங்கின் எண்ணையும் அந்தக் கோவையையும் சில வாரம் குறித்து வைத்திருந்தாலே இது நடக்கும்.

நான் கேட்பது மூன்று. அழிக்கும் இடத்தில் நான் மேலே எழுதிய எச்சரிக்கை வேண்டும். முழு லிங்கோடு வருபவருக்கு உண்மையான காரணம் தெரிய வேண்டும், எண்ணைத் தட்டுபவருக்கு இலக்கம் குறைந்தால் அதையாவது சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: நான் அழித்த எண்ணில் யாராவது நுழைய முயன்றால் எனக்கு உடனே ஒரு அறிவிப்பு வர வேண்டும். அன்று 6:31-க்கு அப்படி ஒன்று வந்திருந்தால் 6:35-க்கு வகுப்பு தொடங்கியிருக்கும். அந்த 12 பேரில் ஒருவருக்கு மறுநாள் தேர்வு. அவருக்குச் சொல்லித்தர வைத்திருந்த பாடம் அப்படியே நின்றுவிட்டது. அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

மூடிய புகாரைத் திறந்து, இந்தக் கடிதத்தை முழுவதும் படித்த ஒருவர் பதில் எழுதுங்கள். செயலியை நீக்கி மறுபடி நிறுவச் சொல்லும் பதில் எனக்கு வேண்டாம், அதை ஏற்கனவே செய்து பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்