கூரியர் ஏபிஐ-யில் சொல்லாமல் செய்த மாற்றமும் வசூலாகாத பணமும்: புகார்

அனுப்புநர்: கரூரிலிருந்து ஆன்லைனில் படுக்கை விரிப்பு விற்கும் உங்கள் வாடிக்கையாளர்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி
நகல்: ஏபிஐ குழு

பொருள்: புக்கிங் ஏபிஐ-யில் `cod_amount` பெயர் மாற்றப்பட்டதால் சிஓடி பணம் வசூலிக்கப்படாதது

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயத்துக்கு ஏற்கெனவே டிக்கெட் போட்டு, போட்ட டிக்கெட்டை நீங்கள் மூடி, மறுபடி திறந்து, மறுபடி நீங்கள் மூடி, இப்போது எந்த எண்ணைக் குறிப்பிடுவது என்று எனக்கே தெரியவில்லை. அதனால் நேராகக் கடிதமாகவே எழுதுகிறேன். தயவுசெய்து இதையாவது கடைசி வரை படியுங்கள்.

உங்கள் ஏபிஐ 1.8-லிருந்து 1.9-க்கு மாறியபோது வந்த அறிவிப்பில் 'சிறு மேம்பாடுகள்' என்று ஒரே வரிதான் இருந்தது. யூஆர்எல் அதே `/v1/` தான். பழைய யாமல் கோப்பை நான் பத்திரமாக வைத்திருந்ததால் புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. உங்கள் தளத்தில் பழையது இப்போது இல்லை, எடுத்துவிட்டீர்கள். நீங்கள் சொன்ன சிறு மேம்பாடு இதுதான்:

```diff
 required:
   - order_id
   - pincode
   - weight
+  - hsn_code
 properties:
-  cod_amount:
-    type: number
+  collectable_amount:
+    type: number
+    default: 0
```

இதில் `hsn_code` பற்றி எனக்குப் பெரிய கோபம் இல்லை. புதிதாகக் கட்டாயமாக்கியதைச் சொல்லாமல் செய்தது தப்புதான், அன்று காலை ஒரு புக்கிங்கும் போகவில்லை. ஆனால் உங்கள் சர்வர் 400 கொடுத்து `hsn_code is required` என்று வாய் திறந்து சொன்னது. படுக்கை விரிப்புக்கு 6302 என்று சேர்த்தேன், புக்கிங் போக ஆரம்பித்தது. உடனே தெரிகிற கோளாறு என்பதால் உடனே சரியானது.

அதற்கு அடுத்த மாற்றம்தான் என் வயிற்றில் அடித்தது. `cod_amount` என்ற ஃபீல்டை எடுத்துவிட்டு `collectable_amount` என்று வைத்தீர்கள். என் சாஃப்ட்வேர் பழைய பெயரிலேயே 1850 ரூபாய் என்று அனுப்பிக்கொண்டிருந்தது. உங்கள் ஸ்கீமாவில் `additionalProperties: false` கிடையாது. தெரியாத ஃபீல்ட் வந்தால் பேசாமல் கீழே போட்டுவிட்டுப் போகிறது. புதிய ஃபீல்ட் கட்டாயமில்லை, வராவிட்டால் மதிப்பு 0. வசூலிக்க வேண்டிய தொகை 0 என்றால் உங்கள் கணக்கில் அது ப்ரீபெய்டு. சர்வர் 200 கொடுத்தது, ஏடபிள்யூபி எண் கொடுத்தது, உங்கள் பையன் வந்து அவனே லேபிள் ஒட்டி மூட்டையை எடுத்துப் போனான். எங்கேயும் ஒரு எச்சரிக்கை இல்லை. சரக்கு போய்ச் சேர்ந்தது, காசு மட்டும் யாரும் கேட்கவில்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? மதுரையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். "ஏம்மா, டெலிவரி தம்பி காசு வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரே, யாராவது கட்டிட்டாங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா நல்ல மனசுக்காரர், அன்றே ஜிபேயில் அனுப்பிவிட்டார். மற்றவர்களில் பாதிப் பேர் என் போனையே எடுப்பதில்லை. எடுப்பவர்கள் "பெய்டுன்னு லேபிள்லயே இருக்கே" என்கிறார்கள். லேபிள் உங்களுடையது.

இப்போது உங்கள் சப்போர்ட் லைனில் பேசியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே உள்ளது அத்தனையும் பொறுமையாகச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்றால், "மேடம், வீட்டுல டெவலப்பர் யாராவது ஆம்பளைங்க இருந்தா போனைக் குடுங்க." அந்த இன்டெக்ரேஷனை எழுதியதே நான்தான். அதைச் சொன்னதும், "200 வந்திருக்குல்ல, அப்ப எங்க சைடு ஓகே, உங்க சைடு பாருங்க" என்று வைத்துவிட்டார். 200 என்றால் சர்வர் கோரிக்கையை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். நான் கேட்டதை அப்படியே புரிந்துகொண்டது என்று அதில் எங்கேயும் உறுதி இல்லை. இதை உங்கள் ஆளுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. உரையாடல் பதிவாகும் என்று நீங்களே சொல்கிறீர்கள் அல்லவா? எடுத்துக் கேளுங்கள்.

அதற்கப்புறம் கோயம்புத்தூர் ஹப்புக்கு நேரில் போனேன். பண்டல் ஏற்றுகிற நாளில் கடையை மூடிவிட்டு, பஸ் ஏறி. அங்கே இருந்தவர் பாவம், ஏபிஐ என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. பெங்களூரில் கேளுங்கள் என்று ஒரு மெயில் ஐடி எழுதிக் கொடுத்தார். அந்த ஐடிக்கு அனுப்பியதும் டெலிவரி ஆகவில்லை என்று திரும்பி வந்தது. ஒரு கூரியர் கம்பெனியிலேயே!

எழுதும்போது ஒன்று விட்டுப்போயிற்று. இதை இவ்வளவு நாள் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கும் நீங்களேதான் காரணம். டிராக்கிங் ரெஸ்பான்ஸில் `cod_remitted_on` என்று ஒன்று இருந்தது. சிஓடி பணத்தை என் கணக்கில் போட்ட தேதி அதில் வரும், போடாதவரை அந்த ஃபீல்டே வராது. 1.9-இல் அதையும் எடுத்துவிட்டீர்கள். என் ரிப்போர்ட்டில் அது இல்லாத ஆர்டர் எல்லாம் 'பணம் வர வேண்டியது' என்ற பட்டியலில் விழும். உங்கள் ஆவணத்தில் நீங்கள் சொன்ன விதிப்படிதான் அதை எழுதினேன். நீங்கள் பணம் போட வழக்கமாகவே ஒரு வாரத்துக்கு மேல் இழுப்பீர்கள், அதனால் பட்டியல் நீண்டுகொண்டே போனபோது வழக்கமான தாமதம் என்று இருந்தேன். அனுப்பும் பக்கம் பணத்தை வாங்காமல் விட்டீர்கள், திரும்பி வரும் பக்கம் அது தெரியாமல் மூடினீர்கள். இரண்டையும் ஒரே வெளியீட்டில் செய்ய எப்படித்தான் மனசு வந்ததோ.

சாண்ட்பாக்ஸில் சோதித்திருக்கலாமே என்று மெயிலில் அறிவுரை வேறு. சோதித்தேன். உங்கள் சாண்ட்பாக்ஸ் இன்னும் 1.8-இல்தான் ஓடுகிறது. உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கே தெரியாதா?

ஸ்கீமா மாற்றத்தை வெளியிடும் முன் யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி. அது பெரிய வித்தை இல்லை. `oasdiff` என்று இலவசக் கருவி இருக்கிறது, இரண்டு கோப்பையும் கொடுத்தால் போதும்:

```
oasdiff breaking v1.8.yaml v1.9.yaml
```

நான் என் வீட்டு லேப்டாப்பில் ஓட்டினேன். `hsn_code` கட்டாயமானதைப் பிழை என்று சொல்கிறது. `cod_amount` போனதை வெறும் எச்சரிக்கை என்றுதான் சொல்கிறது. கருவிக்குப் பெயர்மாற்றம் என்று தெரியாது, ஒன்று போயிருக்கிறது, வேறொன்று புதிதாக வந்திருக்கிறது, அவ்வளவுதான் அதன் கண்ணுக்குப் படும். போனதும் வந்ததும் ஒரே எண் வகை, ஒரே ஆப்ஜெக்டில், பக்கத்துப் பக்கத்தில். இதைப் பார்த்துச் சந்தேகப்படத்தான் மனுஷன் வேண்டும். பிழை என்று சிவப்பில் வந்ததை மட்டும் பார்த்துவிட்டு எச்சரிக்கையைத் தாண்டிப் போனீர்களோ என்னவோ. சிவப்பில் வந்தது எனக்கு ஒரு காலைப்பொழுதைத்தான் வீணாக்கியது, தாண்டிப் போனது என் தொழிலையே முடித்துவிட்டது.

இதே மாற்றம் எந்தத் திசையில் நடக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும், இதையும் உங்கள் குழுவுக்குச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பும் ரெஸ்பான்ஸில் ஒரு ஃபீல்டைக் கட்டாயமாக்கினால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, முன்பு சில நேரம் வந்தது இனி எப்போதும் வரும். நான் அனுப்பும் ரெக்வெஸ்டில் கட்டாயமாக்கினால் என் புக்கிங் நிற்கும். கட்டாயமில்லாத ஃபீல்டை நீக்கினால் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருப்பீர்கள். பணம் சம்பந்தப்பட்ட ஃபீல்டுக்கு அது பொருந்தாது. என் பணம் அந்த ஃபீல்டில்தான் இருந்தது.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், மன்னிக்கவும். உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. முதலில், `cod_amount` வந்தால் அதையே `collectable_amount` ஆக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வந்து தொகை வேறு வேறாக இருந்தால் 400 கொடுங்கள். உங்கள் சர்வரில் இது சில வரி வேலை. இந்த வாரத்துக்குள் செய்ய முடியாவிட்டால், பழைய பெயர் வந்த மாத்திரத்தில் 400 கொடுத்து நிறுத்துங்கள், அதுவும் எனக்குச் சம்மதம். புக்கிங் போகாமல் நின்றாலும் பரவாயில்லை, இலவசமாகப் போகக் கூடாது. `cod_remitted_on` திரும்ப வர வேண்டும். சாண்ட்பாக்ஸை லைவ் பதிப்புக்குக் கொண்டுவாருங்கள், 1.8 யாமல் கோப்பைத் தளத்தில் மறுபடி வையுங்கள்.

இனிமேல் எந்த ஃபீல்டையாவது எடுப்பதானால் முன்கூட்டியே யாமலில் `deprecated: true` போடுங்கள், ரெஸ்பான்ஸில் `Deprecation`, `Sunset` ஹெடர்களை அனுப்புங்கள். `Sunset` 2019-லேயே ஆர்எஃப்சி 8594 ஆக வந்துவிட்டது, `Deprecation` 2025-இல் ஆர்எஃப்சி 9745 ஆக வந்தது. என் சாஃப்ட்வேர் அந்த ஹெடரைப் பார்த்தால் எனக்கு மெயில் அனுப்பும்படி ஏற்கெனவே எழுதிவிட்டேன். நீங்கள் அனுப்பினால்தானே. உடைக்கிற மாற்றம் என்றால் `/v2/` என்று தனியாக வையுங்கள், `/v1/` யாரையும் கடிக்காமல் கிடக்கட்டும்.

அப்புறம் பணம். 1.9 வந்த நாளிலிருந்து `cod_amount` சேர்த்து நான் அனுப்பிய ஒவ்வொரு ரெக்வெஸ்டும் உங்கள் லாகில் இருக்கும், தொகையோடு. என் பக்க லாகை இணைத்திருக்கிறேன், இரண்டையும் ஒப்பிட்டு, வசூலிக்காமல் விட்ட முழுத் தொகையையும் என் கணக்கில் போடுங்கள். வாடிக்கையாளரிடம் நீங்கள் வாங்கிக்கொள்வது உங்கள் பாடு.

பதினைந்து நாள் பார்ப்பேன். எனக்கும் சண்டை போட ஆசையில்லை, உங்கள் பையன்கள் நேரத்துக்கு வருகிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதன் பிறகு நுகர்வோர் ஆணையம். வணிகக் கணக்கு என்று அங்கே நீங்கள் தட்டிக்கழிக்கப் பார்ப்பீர்கள் என்று வக்கீல் ஏற்கெனவே சொல்லிவிட்டார், அதற்கான பதிலும் அவரிடம் தயார். போனில் பேசியவரிடமிருந்து தனியாக ஒரு மன்னிப்புக் கடிதமும் வர வேண்டும். அதை நான் விடுவதாக இல்லை.

இப்படிக்கு,
கரூர் வாடிக்கையாளர்

இணைப்பு: 1.8 மற்றும் 1.9 யாமல் கோப்புகள், ஒப்பீட்டு அறிக்கை, எங்கள் ரெக்வெஸ்ட் லாக், மதுரை வாடிக்கையாளரின் லேபிள் படம் (அவர் பெயரும் முகவரியும் மறைக்கப்பட்டுள்ளன)